80 சொடுக்குகள், ஒரு பதிவும் இல்லை!

மேற்குத் தாம்பரத்தில் மாலை நேரக் கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். படித்து முடித்த இளைஞர்களும், பல ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டு மறுபடியும் வேலை தேடும் பெண்களும் அங்கே சேரலாம். நிலையத்தின் நிர்வாகி செல்பேசிகளில் தோன்றும்படி ஒரு விளம்பரம் கொடுக்கிறார். சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், முடிச்சூர் ஆகிய இடங்களில் உள்ளவர்களின் செல்பேசிகளில் அது தோன்றுகிறது.

விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் சிலர் அதைத் தொடுகிறார்கள்; உடனே நிலையத்தின் பக்கம் திறக்கிறது. இதனைச் 'சொடுக்கு' என்று சொல்வோம். ஒவ்வொரு சொடுக்குக்கும் நிர்வாகி 10 ரூபாய் கொடுக்க வேண்டும். பக்கத்தைத் திறந்தவர்களில் மிகச் சிலரே தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிப் பயிற்சிக்குப் பதிவு செய்கிறார்கள். விளம்பரத் தொழிலில் உள்ளவர்கள் இதனைக் 'கன்வர்ஷன்' என்பார்கள். நாம் 'பதிவு' என்றே அழைப்போம்.

ஒரு மாதம் முடிந்தது. மொத்தம் 2,000 சொடுக்குகள், 40 பதிவுகள். அதாவது நூற்றுக்கு 2 வீதம். செலவு 20,000 ரூபாய். ஒரு பதிவுக்கு 500 ரூபாய் ஆகியிருக்கிறது. இதுவரை எல்லாம் தெளிவு. சிக்கல் இனிமேல்தான் வருகிறது.

விளம்பரத்தைக் காட்டும் நிறுவனம் வயதுவாரியாகவும் பால்வாரியாகவும் பிரித்து ஓர் அறிக்கை தருகிறது. கூகுள் நிறுவனத்தின் விளம்பர அறிக்கையில் 18-24, 25-34, 35-44, 45-54, 55-64, 65-க்கு மேல் என ஆறு வயதுப் பிரிவுகள் உண்டு. வயதோ பாலோ தெரியாதவர்களுக்கு 'தெரியாதவர்' என்று தனிப் பிரிவும் உண்டு. நம் நிலையத்துக்கு வந்த அறிக்கை இப்படி இருப்பதாகக் கொள்வோம். (எண்கள் யாவும் கணக்குக்காக நாம் அமைத்துக்கொண்டவை.)

| வயது | பெண்கள்: சொடுக்கு | பெண்கள்: பதிவு | ஆண்கள்: சொடுக்கு | ஆண்கள்: பதிவு |
|---|---|---|---|---|
| 18-24 | 300 | 7 | 340 | 6 |
| 25-34 | 320 | 8 | 260 | 4 |
| 35-44 | 180 | 4 | 120 | 2 |
| 45-54 | 80 | 0 | 50 | 3 |
| 55-64 | 40 | 1 | 30 | 0 |
| 65-க்கு மேல் | 10 | 0 | 10 | 0 |
| மொத்தம் | 930 | 20 | 810 | 15 |

இவை தவிர, 'தெரியாதவர்' பிரிவில் 260 சொடுக்குகள், 5 பதிவுகள்.

நிர்வாகியின் கண் இரண்டு கட்டங்களில் போய் நிற்கிறது. 45-54 வயது ஆண்களில் 50 சொடுக்குகளுக்கு 3 பதிவுகள்; நூற்றுக்கு 6 வீதம்! ஒரு பதிவுக்கு 167 ரூபாய்தான் செலவு. அதே வயதுப் பெண்களில் 80 சொடுக்குகள், 800 ரூபாய் செலவு. ஒரு பதிவும் இல்லை. "இந்த வயதுப் பெண்களுக்கு விளம்பரத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை ஆண்கள் பக்கம் திருப்பினால் என்ன?" என்று அவருக்குத் தோன்றுகிறது. நிறுத்துவதும் எளிது, திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அவர் அழுத்தலாமா?

புளியங்கொட்டை சொல்லும் விடை

ஒரு பையில் 50 புளியங்கொட்டைகளைப் போடுங்கள். அவற்றுள் ஒன்றில் மட்டும் சிவப்பு மை தடவுங்கள். பையை நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் ஒரு கொட்டையை எடுங்கள். நிறத்தைக் குறித்துக்கொண்டு, அதை மறுபடியும் பையில் போட்டுக் குலுக்குங்கள். சிவப்பு வந்தால் அது பதிவு; வராவிட்டால் வெறும் சொடுக்கு. 50-இல் ஒன்று என்பது நூற்றுக்கு 2 வீதம் அல்லவா? நம் நிலையத்தின் சராசரியும் அதுவே.

இப்போது 80 முறை எடுங்கள். சராசரியாகப் பார்த்தால் 80-க்கு 1.6 சிவப்பு வர வேண்டும். ஆனால் ஒன்றரைக் கொட்டை என்று எதுவும் வராது. சிலருக்கு மூன்று வரும். சிலருக்கு ஒன்று வரும். சிலருக்கு ஒன்றுகூட வராது. ஒருமுறை எடுக்கும்போது சிவப்பு வராமலிருக்கும் வாய்ப்பு 0.98. தொடர்ந்து 80 முறையும் வராமலிருக்கும் வாய்ப்பைக் காண, 0.98-ஐ 80 முறை எழுதிப் பெருக்க வேண்டும்.

(0.98)⁸⁰ ≈ 0.20

அதாவது ஐந்தில் ஒன்று. 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் எல்லோரும் இதே பையை வைத்துக்கொண்டு 80 முறை எடுத்தால், ஏறக்குறைய 8 பேருக்குச் சிவப்பே கிடைக்காது. அந்த எட்டுப் பேரின் கையில் ஏதாவது குறை உண்டா? இல்லை. பை ஒன்றேதான்; குலுக்கலும் ஒன்றேதான்.

ஆண்களின் கட்டத்தையும் இப்படியே பார்க்கலாம். 50 முறை எடுத்தால் மூன்று அல்லது அதற்கு மேல் சிவப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 0.08. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் மூன்று பேருக்கு அப்படி வரும். ஆகவே 45-54 வயது ஆண்களும் பெண்களும் ஒரே அளவு ஆர்வம் உள்ளவர்களாக இருந்தாலும்கூட, நிர்வாகி பார்த்த 6 வீதமும் பூஜ்யமும் அடிக்கடி தோன்றக்கூடியவையே.

பூஜ்யத்தைப் படிக்க ஓர் எளிய விதி உண்டு. எத்தனையோ முயற்சிகளில் ஒரு நிகழ்ச்சி ஒருமுறையும் நேரவில்லை என்றால், 3-ஐ முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். உண்மையான வீதம் அந்த அளவு வரைக்கும் இருக்கலாம் என்று கொள்ளுங்கள். 3-ஐ 80-ஆல் வகுத்தால் 0.0375; அதாவது நூற்றுக்கு 3.75. உண்மை வீதம் 3.75 ஆகவே இருந்தாலும், 80 சொடுக்குகளில் ஒரு பதிவும் வராமல் போவது ஏறத்தாழ 20-இல் ஒரு தடவை நேரும். அதனால்தான் அதுவரைக்கும் நாம் மறுக்க முடியாது. ஆக, அந்தப் பெண்களின் உண்மை வீதம் பூஜ்யமாகவும் இருக்கலாம். நிலையத்தின் சராசரியைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம்! அறிக்கையில் உள்ள '0' என்ற எண் இவ்வளவு அகலமான ஓர் ஐயத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆண்களின் 6 வீதத்துக்கும் இதே கதைதான். 50-இல் 3 என்ற எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டால், உண்மை வீதம் 1-க்குச் சற்று மேலிருந்து 17 வரை எங்கும் இருக்கலாம். அந்த எல்லைக்குள் சராசரியான 2 வீதமும் அடக்கம்.

பதினெட்டு ஆண்டு காத்திருந்த பெண்கள்

'விளம்பரம்தானே, தவறாகப் படித்தால் என்ன குடி முழுகிவிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். இதே தவறு மருத்துவத்திலும் நேர்ந்திருக்கிறது.

மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் தடைபட்டு மீண்ட நோயாளிகளுக்கு, பின்னர் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. அவர்களுக்கு ஆஸ்பிரின் உதவுமா என்று கனடா நாட்டு மருத்துவர்கள் 585 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு 1978-இல் வெளியாயிற்று. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது ஆஸ்பிரின் பயன் தந்தது. பின்னர் ஆண்கள், பெண்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களில் பக்கவாதமும் இறப்பும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. பெண்களில் பயன் தென்படவில்லை. ஆனால் ஆய்வில் பெண்கள் குறைவு. அவர்களுள் பக்கவாதம் வந்தவர்கள் அதைவிடக் குறைவு. நம் பட்டியலின் சிறிய கட்டத்தைப் போன்ற நிலைதான் அது.

இருந்தும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1980-இல் இந்தப் பயனுக்கு ஆஸ்பிரினை ஆண்களுக்கு மட்டுமே அங்கீகரித்தது. அதன்பின் பல ஆய்வுகளில் கலந்துகொண்ட ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பெண்களுக்கும் பயன் உண்டு என்பது தெரிந்தது. அங்கீகாரம் பெண்களுக்கும் விரிவானது 1998-இல்தான். 'பயன் தென்படவில்லை' என்பதைப் 'பயன் இல்லை' என்று படித்ததன் விலை பதினெட்டு ஆண்டுகள்.

கட்டங்கள் பெருகினால் விந்தைகளும் பெருகும்

நிர்வாகி இன்னொரு பொறியிலும் மாட்டிக்கொண்டார். அவர் முன்பே ஒரு கட்டத்தைக் குறித்துவைத்து அதை மட்டும் பார்க்கவில்லை. பன்னிரண்டு கட்டங்களையும் பார்த்துவிட்டு, மிக விந்தையாக இருந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஒவ்வொரு கட்டமும் தற்செயலாக விந்தையாகத் தோன்ற 20-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கட்டங்களில் ஒன்றுகூட விந்தையாகத் தோன்றாமலிருக்கும் வாய்ப்பு (0.95)¹² ≈ 0.54. ஆகவே ஏதாவது ஒன்றாவது விந்தையாகத் தோன்றும் வாய்ப்பு 0.46. கிட்டத்தட்டப் பாதி! ஏறக்குறைய இரண்டு மாத அறிக்கைகளில் ஒன்றில் 'இதோ ஓர் அதிசயம்' என்று சுட்டிக்காட்ட ஒரு கட்டம் கிடைத்துவிடும். அடுத்த முறை அது வேறு கட்டமாக இருக்கலாம்.

இதைச் சில ஆராய்ச்சியாளர்கள் வேடிக்கையாகவே நிரூபித்துக் காட்டினார்கள். மாரடைப்பு வந்த 17,187 நோயாளிகளைக் கொண்டு நடந்த 'ஐசிஸ்-2' என்ற பெரிய ஆய்வு 1988-இல் வெளியாயிற்று. ஆஸ்பிரின் கொடுக்கப்பட்டவர்களில், இதயம் மற்றும் இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு நூற்றுக்கு 23 குறைந்தது. சிறு பிரிவுகளாகப் பிரித்துப் பார்ப்பதன் ஆபத்தை எப்படி விளக்குவது? ஆய்வாளர்கள் நோயாளிகளை மேலைநாட்டு முறைப்படி பிறந்த ராசியால் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுத் தீமை செய்வதுபோலவும், ஏனையோருக்குப் பெரும் நன்மை செய்வதுபோலவும் கணக்கு காட்டிற்று! ராசி பார்த்து மாத்திரை கொடுக்க எந்த மருத்துவரும் முன்வரமாட்டார். ஆனால் அதே அளவு வலுவற்ற கணக்கு ராசிக்குப் பதில் வயதின் பெயரிலோ பாலின் பெயரிலோ வந்தால், நம்பத் தோன்றுகிறது. காரணம் எளிது: வயதுக்கும் பாலுக்கும் ஒரு விளக்கத்தை உடனே கட்டிவிடலாம். 'அந்த வயதுப் பெண்கள் கணினி என்றால் தயங்குவார்கள்' என்று ஒருவர் சொன்னால் கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். விளக்கம் கிடைத்துவிட்டதால் எண்ணிக்கை கூடிவிடாது.

கட்டத்தின் பெயரே சரிதானா?

இன்னொரு செய்தியையும் நினைவில் வைக்க வேண்டும். விளம்பரத்தைத் தொட்டவரின் வயதை யாரும் நேரில் கேட்டு எழுதவில்லை. செல்பேசிக் கணக்கைத் தொடங்கியபோது கொடுத்த விவரத்திலிருந்தோ, அந்தக் கணக்கில் எவற்றைத் தேடுகிறார்கள், பார்க்கிறார்கள் என்பதிலிருந்தோ நிறுவனம் ஊகிக்கிறது.

முடிச்சூரில் ஒரு வீட்டில் ஒரே செல்பேசியை மகனும் தாயும் பயன்படுத்துகிறார்கள் என்று கொள்வோம். கணக்கு மகனுடையது. தாய் அதில் விளம்பரத்தைப் பார்த்துப் பதிவு செய்தால், அறிக்கையில் அது '18-24, ஆண்' என்ற கட்டத்தில் ஏறிவிடும். பெரிய கட்டத்தில் இப்படி ஒன்றிரண்டு இடம் மாறினால் குடியொன்றும் முழுகாது. ஒன்றும் மூன்றுமாக எண்ணும் சிறிய கட்டத்தில் ஒரே ஒரு பதிவு இடம் மாறினாலும் முடிவே மாறிவிடும். 'தெரியாதவர்' பிரிவில் உள்ள 5 பதிவுகளில் இரண்டு, 45-54 வயதுப் பெண்களுடையவையாக இருந்தால்? அந்தப் பூஜ்யம் எங்கே போகும்?

இதைச் சரிபார்க்க நிலையத்திடமே ஒரு வழி உண்டு. பயிற்சியில் வந்து சேர்ந்தவர்களின் சேர்க்கைப் பதிவேட்டில் உண்மையான வயது இருக்கும். அதை அறிக்கையோடு ஒப்பிட்டால், கட்டங்களின் பெயரை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

எப்படிப் படிப்பது?

முதலில், சிறிய கட்டங்களை ஒன்றுசேர்க்க வேண்டும். 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்தால் 220 சொடுக்குகள், 4 பதிவுகள், நூற்றுக்கு 1.8. அதற்குக் கீழ்ப்பட்டவர்களில் 1,520 சொடுக்குகள், 31 பதிவுகள், நூற்றுக்கு 2.0. பெண்கள் எல்லோரையும் சேர்த்தால் 2.15, ஆண்களைச் சேர்த்தால் 1.85. பார்த்தீர்களா? சிறிய கட்டங்களில் குதித்துக்கொண்டிருந்த எண்கள், சேர்த்தவுடன் அடங்கிவிட்டன. வயதாலோ பாலாலோ பெரிய வேறுபாடு உண்டு என்று சொல்ல இந்த அறிக்கையில் இடமே இல்லை.

கட்டங்களைத் தனித்தனியாகவே பார்க்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் சராசரியை நோக்கிச் சற்று இழுத்துப் பார்ப்பது இரண்டாவது வழி. ஒவ்வொரு கட்டத்திலும் சராசரிப்படி 100 சொடுக்குகளும் 2 பதிவுகளும் கூடுதலாக இருப்பதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். 45-54 வயதுப் பெண்கள்: 180-க்கு 2, அதாவது 1.1 வீதம். அதே வயது ஆண்கள்: 150-க்கு 5, அதாவது 3.3 வீதம். பூஜ்யமும் ஆறும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிட்டன. ஆனால் 25-34 வயதுப் பெண்களின் 2.5 வீதம் 2.4 ஆக மட்டுமே மாறுகிறது. விவரம் நிறைய உள்ள கட்டம் தன் காலில் நிற்கிறது. விவரம் குறைந்த கட்டம் சராசரியின் தோளில் சாய்கிறது. 100 என்ற எண் நாம் தேர்ந்தெடுத்தது. கட்டங்களுக்கிடையே உண்மையில் பெரிய வேறுபாடு இருக்கும் என்று வேறு சான்றுகள் சொன்னால், அதைவிடச் சிறிய எண்ணைக் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, கேள்வியை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் புதிய விவரத்துக்குக் காத்திருக்க வேண்டும். '45-54 வயதுப் பெண்களின் பதிவு உண்மையிலேயே குறைவா?' என்று இன்று எழுதிவையுங்கள். அடுத்த மூன்று மாதங்களில் மேலும் 240 சொடுக்குகள் வந்து, அவற்றிலும் ஒரு பதிவும் இல்லை என்றால்? (0.98)²⁴⁰ ≈ 0.008. நூறில் ஒன்றுக்கும் குறைவு. அப்போது பூஜ்யத்தைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். அப்போதும் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். வகுப்பு நேரம் ஒத்துவரவில்லையா? பதிவுப் படிவம் சிறிய எழுத்தில் இருக்கிறதா? இவற்றைக் கேட்ட பிறகே நிறுத்துவதைப் பற்றி நினைக்கலாம்.

ஆனால் வேறுபாடு அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டால் காத்திருப்பதும் கைகொடுக்காது. ஒரு பிரிவின் உண்மை வீதம் 2 அல்ல, 1 தான் என்பதை ஓரளவு உறுதியாகக் கண்டுபிடிக்க, ஒப்பிடும் இரு பக்கங்களிலும் ஏறத்தாழ 2,300 சொடுக்குகள் வீதம் வேண்டும். மாதம் 80 வீதம் வந்தால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் பயிற்சியின் கட்டணமும் பாடமும் மாறிவிடலாம். சில கேள்விகளுக்குச் சிறிய நிலையத்தின் அறிக்கை என்றைக்கும் விடை தராது என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது அந்தப் பொத்தானுக்கு வருவோம். நிர்வாகி அதை இன்றே அழுத்திவிட்டால், அடுத்த மாத அறிக்கையில் 45-54 வயதுப் பெண்களுக்கு எதிரே சொடுக்கே இராது, பதிவும் இராது. அவர் நினைத்தது தவறு என்று காட்டக்கூடிய விவரம் வந்துசேரும் வழியே அடைபட்டுப்போகும். அழுத்தாமல் விட்டால் மாதம் 800 ரூபாய் செலவு. அதற்கு ஈடாக விடை மெல்ல மெல்லத் தெரிந்துவரும். சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ வேலைக்குத் திரும்ப விரும்பும் ஓர் அம்மாளின் செல்பேசியிலும் விளம்பரம் தொடர்ந்து தோன்றும்.

நீங்களே செய்து பாருங்கள்

பட்டியலில் 55-64 வயது ஆண்களுக்கு 30 சொடுக்குகள், பூஜ்யம் பதிவு. (1) உண்மை வீதம் 2 ஆக இருந்தால் இப்படி நேரும் வாய்ப்பு எவ்வளவு? (2) 'மூன்றை வகுக்கும்' விதிப்படி உண்மை வீதம் எதுவரை இருக்கலாம்?

விடை: (1) (0.98)³⁰ ≈ 0.55, பாதிக்கும் மேல். (2) 3-ஐ 30-ஆல் வகுக்க 0.1, அதாவது நூற்றுக்கு 10 வரை.